மொழிபெயர்ப்பவரை வைத்துக் குழந்தை மதிப்பீடு: அம்மா சொன்னது அப்படியே வந்து சேர

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு மையத்தில் குழந்தைகளுக்கு வளர்ச்சி மதிப்பீடு செய்கிறேன். ஒடிசா, ஜார்கண்ட் குடும்பங்கள் நிறைய வருகிறார்கள். மொழி தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேட்டி எடுக்கிறேன். நான் எழுதுவது அம்மா சொன்னதா, நடுவில் இருப்பவர் சொன்னதா என்று சந்தேகமாகவே இருக்கிறது. இதை எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் நடுவில் இருப்பவருக்குத் தமிழ் போதாததால் அம்மாவின் பேச்சு மாறுவது குறைவுதான். பெரும்பாலும் அவருடைய நல்ல மனசால்தான் மாறுகிறது. நீங்கள் ஒரு கேள்வி கேட்கிறீர்கள், அம்மா அரை நிமிஷம் கதை சொல்கிறார், நடுவில் இருப்பவர் "மேடம் கேட்டது இதைத்தானே" என்று நினைத்து அந்தக் கதையிலிருந்து உங்கள் கேள்விக்குப் பொருந்தும் விடையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். உங்களுக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார். ஆனால் மதிப்பீட்டுக்குத் தேவையானது அந்தக் கதை, விடை இல்லை. அதனால் மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது பாதி வேலைதான், சுருக்கிச் சொல்ல முடியாதபடி நம் கேள்விகளை மாற்றுவது மீதிப் பாதி. ஆட்டிசம் சந்தேகத்தோடு வரும் குழந்தையின் பேட்டியையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஒரு வார்த்தை விடுபட்டாலும் முடிவு தலைகீழாகிறது.

முதலில் யாரை உட்கார வைப்பது. அப்பாவுக்கு ஹிந்தி தெரியும், கொஞ்சம் தமிழும் தெரியும் என்று அவரையே கேட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்பா ஒரு தகவலாளி, அவரைத் தனியாகக் கேளுங்கள். ஆனால் அம்மாவின் வாய்க்கும் உங்கள் காதுக்கும் நடுவில் அவரை வைக்காதீர்கள். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர் சொல்வதை, ராத்திரி மட்டும் பார்ப்பவர் வடிகட்டித் தருவார். மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழ் நன்றாகக் கற்றிருக்கும், ஆனால் பத்து வயசுப் பெண்ணை, தம்பிக்கு என்ன குறை என்று அம்மாவின் வாயாக இருந்து சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம், தவிர பயமாக இருப்பதை அது சொல்லாமல் விட்டுவிடும். ஆள் பிடித்து வந்த ஏஜென்ட், மில் சூப்பர்வைசர், ஹாஸ்டல் வார்டன் இவர்கள் யாரும் வேண்டவே வேண்டாம். லீவு, சம்பளம், தங்கும் அறை எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் முன்னால் "பிள்ளையை ரூமில் பூட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போகிறேன்" என்று எந்த அம்மா சொல்வார்?

என் அனுபவத்தில் பொருத்தமாக அமைவது, வேறு ஒரு மில்லில் அல்லது வேறு ஏரியாவில் இருக்கும், சில வருஷமாகத் தமிழ்நாட்டில் இருந்து தமிழ் பழகிய ஒரு பெண். அவருக்கு அன்றைக்குக் கூலி நஷ்டமாகாமல் பணம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், இலவச உதவியாக வருபவரிடம் "சுருக்காதீங்க" என்று மூன்றாவது தடவை சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும். அப்புறம், "ஒடியா தெரியும்" என்பது மட்டும் போதாது. பலாங்கீர், பர்கட் பக்கத்து ஆட்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி, கடலோர ஒடியா பேசுகிறவருக்கு அதில் பல இடங்கள் நழுவும். ஜார்கண்டிலிருந்து வரும் குடும்பம் உங்களிடம் ஹிந்தி பேசலாம், ஆனால் பிள்ளையிடம் சந்தாலியோ சாத்ரியோ பேசிக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, இரண்டு பேரையும் ஐந்து நிமிஷம் ஊர், சாப்பாடு, எப்போது வந்தீர்கள் என்று சும்மா பேச விட்டுப் பாருங்கள். ஒருவரை ஒருவர் திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டால் அன்றைக்கு வேறு ஆள் தேட வேண்டியதுதான். குடும்பத்தின் பெயரையும் மில் பெயரையும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பவரிடம் சொல்லாதீர்கள். இரண்டு பேரும் ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் என்று அறைக்குள் வந்த பிறகு தெரிந்தால், அம்மாவால் "இவங்க வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பேட்டிக்கு முன் பதினைந்து நிமிஷம் மொழிபெயர்ப்பவருடன் தனியாக உட்காருங்கள். நான் சொல்வது நாலே விஷயம். ஒன்று, அம்மா பேசுவதை அம்மாவாகவே இருந்து சொல்லுங்கள். "அவங்க ஷிப்ட் முடிஞ்சு வர்றாங்களாம்" என்று வேண்டாம், "நான் ஷிப்ட் முடிஞ்சு வர்றேன்" என்று சொல்லுங்கள். இது முதலில் விசித்திரமாகத் தோன்றும், பத்து நிமிஷத்தில் பழகிவிடும். இப்படிப் பேசும்போது நடுவில் சொந்தக் கருத்து நுழைந்தால் உடனே தனியாகத் தெரியும் என்பதுதான் இதன் லாபம். இரண்டு, பதில் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள், அது எனக்கு வேண்டும். மூன்று, உங்களுக்கே புரியாவிட்டால் ஊகிக்காமல் "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை கேட்கட்டுமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நாலு, குழந்தை ஏதாவது பேசினால் மொழிபெயர்க்கவே வேண்டாம், அது சொன்ன சத்தத்தை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள். இந்த நாலாவதுக்கு அப்புறம் வருகிறேன். கூடவே, அறைக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது என்பதைச் சொல்லி, அம்மா வந்த பிறகு அதையே அவர் முன்னாலும் மொழிபெயர்ப்பவர் வாயால் ஒருமுறை சொல்ல வையுங்கள். அம்மாவின் முகம் கொஞ்சம் தளர்வதை அங்கேயே பார்க்கலாம்.

அன்றைக்கு நீங்கள் பயன்படுத்தப்போகும் கேள்விகளில் சிக்கலானவற்றையும் அப்போதே காட்டிவிடுங்கள். "கண் பார்த்துப் பேசுவது", "பாசாங்கு விளையாட்டு" போன்ற நம் தொழில் பேச்சை அவர் அந்த இடத்திலேயே கண்டுபிடித்து மாற்ற முடியாது. "டப்பாவை வண்டின்னு வச்சு ஓட்டுவானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவானா" என்று நீங்களே உடைத்துக் கொடுத்தால் அது நேராகப் போய்ச் சேரும்.

உட்காரும் விதம்: அம்மா உங்களுக்கு எதிரே, மொழிபெயர்ப்பவர் அம்மாவுக்குப் பக்கத்தில் சற்றுப் பின்னால். பார்வை அம்மா மேல்தான் இருக்க வேண்டும், "அவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்லாமல் "நீங்க" என்று நேராகவே கேளுங்கள். இது வெறும் மரியாதைக்காக இல்லை. மொழி புரியாவிட்டாலும் அம்மாவின் கையும் முகமும் உங்களுக்குப் புரியும், பேச்சில் விடுபட்டதை அதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்றரை வயசுப் பையன். அம்மா, அப்பா இருவரும் பனியன் கம்பெனியில். பேச்சு வரவில்லை என்று அங்கன்வாடியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் ஒடியா, அங்கன்வாடியில் தமிழ், போனில் நாள் முழுக்க ஹிந்தி கார்ட்டூன். நான் கேட்ட கேள்வி சாதாரணமானது, "பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன செய்வான்?" அம்மா ரொம்ப நேரம் பேசினார். நடுவில் தலையைத் திருப்பிக் காட்டினார், இரண்டு கையாலும் எதையோ கசக்கிக் காட்டினார், லேசாகச் சிரித்தார். எனக்கு வந்த தமிழ், "கூப்பிட்டா வருவான் மேடம்."

இந்த இடத்தில் "சரியா சொல்லுங்க" என்று அதட்டினால் மொழிபெயர்ப்பவர் பயந்து இன்னும் சுருக்குவார். "அவங்க கையால எதையோ கசக்கிக் காட்டினாங்களே, அந்த இடத்துல என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். அப்போது வந்தது இது: "பின்னாடி நின்னு எத்தனை தடவை பேரைச் சொன்னாலும் திரும்ப மாட்டான். கிட்டப் போய்த் தோளைத் தொட்டா திரும்புவான். ஆனா பக்கத்து ரூம்ல பிஸ்கட் கவரைக் கசக்கினா ஓடி வந்துடுவான்." அம்மாவுக்கு அது சிரிப்பான விஷயம், மொழிபெயர்ப்பவருக்கு "வருவான்" என்பதுதான் விடை. மதிப்பீடு செய்பவருக்கோ அந்தப் பேட்டியிலேயே முக்கியமான வரி அதுதான். ஏதோ ஒரு சத்தம் காதில் விழுகிறது, பேர் மட்டும் அவனை இழுக்கவில்லை. (இதை வைத்துக் காது சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கவர் சத்தம் கேட்கும் குழந்தைக்குப் பேச்சொலி சரியாகக் கேட்காமல் இருக்கலாம், பெரா என்கிற காது பரிசோதனைக்கு எழுதத்தான் வேண்டும்.)

கேள்வி முறையைப் பற்றி இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். "கூப்பிட்டா வருவானா?" என்று கேட்டிருந்தால் விடுபட்டதே எனக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வந்தாலும் முழுதாகத்தான் தோன்றும். "என்ன செய்வான்", "நேத்து சாயங்காலம் நீங்க வந்ததும் என்ன நடந்துச்சு", "எப்படிக் கேட்பான், செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால் பதில் சம்பவமாகத்தான் வர முடியும். அதைச் சுருக்கினால் சுருக்கியது தெரியும். எதிர்மறையில் கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள். "மத்த பிள்ளைங்களோட விளையாட மாட்டானா?" என்பதற்கு "ஆமா" என்று வந்தால் விளையாடுவான் என்பதா, மாட்டான் என்பதா? இரண்டு மொழி தாண்டி வரும்போது அந்த "ஆமா" எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல ஒரு கேள்வியில் இரண்டைச் சேர்க்காதீர்கள், "சாப்பிடுறது, டிரஸ் போடுறது எல்லாம் தானா செய்வானா" என்றால் எதற்கு வந்த பதில் என்றே தெரியாது. "சாப்பிட மாட்டான்" என்று வந்தால், அவனால் முடியாதா, அம்மா ஊட்டிவிடுவதால் தேவைப்படவில்லையா, சிந்துவான் என்று விடுவதில்லையா என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றுக்கும் மதிப்பெண் வேறு.

அடுத்தது "எத்தனை தடவை" என்கிற விஷயம். ஐ.எஸ்.ஏ.ஏ. என்று நாம் பயன்படுத்தும் இந்திய ஆட்டிசம் அளவுகோலில் 40 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்த ஐந்து படிகளும் அடிக்கடித்தன்மையை வைத்துத்தான் பிரிகின்றன. 20 சதவீதம் வரை ஒன்று, 40 வரை இரண்டு, 60 வரை மூன்று, 80 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்கிறது அளவுகோல். இப்போது நடுவில் இருப்பவர் இயல்பாகவே கொஞ்சம் மென்மையாக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், "எப்பவும்" என்று அம்மா சொன்னதை "அடிக்கடி" என்கிறார், "அடிக்கடி" என்றதைச் "சில சமயம்" என்கிறார். வெறும் பத்து உருப்படிகளில் ஒரு படி இறங்கினால் பத்து மதிப்பெண் போய்விடும். 74 வாங்க வேண்டிய குழந்தை 64-க்கு வந்து, "ஒன்றும் இல்லை, வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஊருக்கே திரும்பிவிடும்.

இதைத் தவிர்க்க நான் மேஜையில் பத்துப் புளியங்கொட்டை வைத்திருப்பேன். அம்மா முன்னால் வரிசையாக வைத்து, "பத்து தடவை பேரைக் கூப்பிடுறீங்க. அதுல எத்தனை தடவை திரும்புவான், அத்தனையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்பேன். அந்தப் பையனின் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கொட்டையைத் தள்ளினார், பிறகு அதையும் பாதி வழியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பதில் மொழிபெயர்ப்பவர் வழியாக வரவே இல்லை, நேராக என்னிடம் வந்தது. முதல் தடவை வேறு ஏதாவது சாதாரண விஷயத்தில் பழக்கிக் காட்டுங்கள், "வாரத்துல பத்து வேளை சாப்பாட்டுல எத்தனை வேளை மீன்" என்பது போல. எண்ணிக்கை பழகாதவர்களுக்கும் இது பிடிபட்டுவிடும். எல்லா உருப்படிக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது, சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் செய்தால் போதும். அந்த அளவுகோலே பேட்டியை மட்டும் நம்பச் சொல்லவில்லை, குழந்தையை நேரில் கவனித்தும் செய்து பார்த்தும்தான் மதிப்பெண் போடச் சொல்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுவதை அம்மாவை விட்டே அறையில் செய்து பார்த்துவிடலாம்.

இப்போது அந்த நாலாவது விஷயம், குழந்தையின் பேச்சு. பெரியவர்கள் பேசுவதில் பிழை வந்தால் திருத்திச் சொல்வது நல்ல மொழிபெயர்ப்பாக இருக்கலாம். குழந்தை பேச்சில் அந்தப் பிழைதான் நமக்கு வேண்டிய தகவல். பையன் இரண்டு சொல்லை முறையில்லாமல் ஒட்டிச் சொன்னால், மொழிபெயர்ப்பவர் அதை "எனக்குத் தண்ணி வேணும்னு கேட்கிறான்" என்று முழு வாக்கியமாக்கிக் கொடுப்பார். நீங்கள் "மூன்று சொல் வாக்கியம் பேசுகிறான்" என்று எழுதிவிடுவீர்கள். அதனால்தான் சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வது. நான் அதைத் தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு, பக்கத்தில் "இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, எந்த மொழி, இந்த வயசுப் பிள்ளை இப்படித்தான் சொல்லுமா" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பேன். மூன்றாவது கேள்விக்கு அம்மாவிடமும் பதில் வாங்க வேண்டும், அவருடைய மூத்த பிள்ளை இந்த வயதில் எப்படிப் பேசியது என்று கேட்டால் ஒப்பிட்டுச் சொல்வார்.

அந்தப் பையன் விஷயத்தில் அப்பா "நல்லா ஹிந்தி பேசுவான்" என்றார். கேட்டால் நல்ல செய்திதான். "கடைசி ஒரு வாரத்துல அவன் என்ன சொன்னான், எப்பச் சொன்னான், யார்கிட்டச் சொன்னான்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, சொன்ன எல்லாமே போனில் வரும் கார்ட்டூனின் வசனங்கள், அதே ராகத்தில், யாரையும் பார்க்காமல், பசித்தாலும் தூங்கும் நேரத்திலும் ஒரே மாதிரி. வேண்டியதைக் கேட்க அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைக்கிறான், சொல்லால் கேட்பதில்லை. மூன்று மொழிக்குள் வளரும் பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் கலந்து வருவது வேறு, இது வேறு. "ஹிந்தி பேசுவான்" என்ற ஒற்றை வரியோடு நின்றிருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது.

இன்னொரு வகை விடுபடுதலும் உண்டு, இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மொழிபெயர்ப்பவருக்கு வெட்கமாகத் தோன்றுவது. "பிள்ளைக்கு எப்பவாவது உடம்பு ரொம்ப முடியாமப் போச்சா" என்று கேட்டதற்கு அந்த அம்மா நீளமாகச் சொன்னார், வந்தது "ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு மேடம்". அம்மா சொல்லும்போது கண்ணை மேலே செருகிக் காட்டியதைப் பார்த்ததால் கேட்டேன். மொழிபெயர்ப்பவர் தயங்கிவிட்டு, "அது சாமி, பேய் கதை மேடம், ஊர்ல மந்திரிச்சாங்களாம், அதான் சொல்லலை" என்றார். தன் ஊர்க்காரர்களை நாம் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது என்று அவர் காப்பாற்றுகிறார், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த சாமிக் கதைக்குள்தான் வலிப்பு இருந்தது. கை கால் விறைத்தது, வாயில் நுரை, அப்புறம் நீண்ட தூக்கம். இரண்டு தடவை நடந்திருக்கிறது, அதில் ஒன்று காய்ச்சலே இல்லாதபோது. காய்ச்சலோடு வரும் வலிப்பு சிறு பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், காய்ச்சல் இல்லாமல் வந்தது குழந்தை நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். பேட்டிக்கு முந்தைய பதினைந்து நிமிஷத்திலேயே "சாமி, பேய், கண் திருஷ்டி, பத்தியம், மந்திரம் எல்லாமே எனக்கு வேணும், யாரையும் தப்பா நினைக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று மாமியார் திட்டுவதாக அம்மா சொல்வதும் இதே மாதிரி வழியில் காணாமல் போகும் பேச்சுதான். அது தெரியாமல் "வீட்டில் நேரம் செலவிடுங்கள்" என்று நாம் அறிவுரை சொன்னால் அந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேட்டி நடக்கும்போதே தடம் மாறுவதைக் காட்டும் அறிகுறிகள் சில. அம்மா பேசிய நேரத்துக்கும் தமிழில் வந்த நேரத்துக்கும் பெரிய வித்தியாசம். நீங்கள் கேட்ட ஒரு வரிக்கு அவர்களுக்குள் நாலைந்து முறை பேச்சு போய் வருவது (அது சில சமயம் நியாயமான விளக்கமாகவும் இருக்கும், "இப்ப என்ன பேசினீங்க" என்று சாதாரணமாகக் கேட்டால் போதும்). அம்மா வாய் திறக்கும் முன்பே பதில் வருவது. அம்மா தயங்கித் தயங்கிப் பேசியதற்குத் தமிழ் தெளிவாக, ரிப்போர்ட்டில் எழுதும் மொழி மாதிரி வருவது. கடைசியாகச் சொன்னது ரொம்பவும் ஏமாற்றும், ஏனென்றால் எழுத சௌகரியமாக இருப்பதால் நமக்கு அது பிடித்துப்போகும். சந்தேகம் வந்தால் அதே விஷயத்தை அரை மணி நேரம் கழித்து வேறு பக்கத்திலிருந்து கேளுங்கள். பேரைக் கூப்பிடுவதை முதலில் கேட்டிருந்தால், பிறகு "கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டான்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க" என்று கேளுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எங்கேயோ கோளாறு. வழக்கமான பேட்டிக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். களைத்த மொழிபெயர்ப்பவர் முதலில் செய்வது சுருக்குவதுதான்.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை ஒலிப்பதிவு. அம்மாவின் சம்மதத்தோடு, மூன்று நாலு முக்கியமான இடங்களை மட்டும் போனில் பதிவு செய்து, பெயர் வராதபடி வெட்டி, வேறு ஒருவரிடம் போட்டுக் காட்டி "இதுல என்ன சொல்றாங்க" என்று கேளுங்கள். முதல் ஆள் என்ன சொன்னார் என்று இரண்டாமவருக்குச் சொல்லாதீர்கள். முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். சம்மதம் கேட்பதே மொழிபெயர்ப்பவர் வழியாகத்தான் நடக்கும் என்பதால், அம்மா தலையாட்டியதை மட்டும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், எதற்குப் பதிவு செய்கிறோம் என்று அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுதும்போது நம் பங்குக்கு நாமும் ஒருமுறை மாற்றிவிடுகிறோம். "பெயருக்கு எதிர்வினை குறைவு" என்று எழுதியதும் பிஸ்கட் கவர் போய்விட்டது, அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நான் எழுதுவது இப்படி: "பின்னால் நின்று எத்தனை தடவை பேரைச் சொன்னாலும் திரும்ப மாட்டான், தோளைத் தொட்டால் திரும்புவான், பிஸ்கட் கவரைக் கசக்கினால் ஓடி வருவான் என்று அம்மா கூறினார் (ஒடியாவில் சொன்னது, மொழிபெயர்ப்பவர் வழியாக). பத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்று கொட்டையை நகர்த்திக் காட்டினார். அறையில் அம்மா ஐந்து முறை கூப்பிட்டார், ஒரு முறையும் திரும்பவில்லை." அம்மா சொன்னது, அப்பா சொன்னது, மொழிபெயர்ப்பவர் தானாகச் சொன்னது, நான் கண்ணால் பார்த்தது, நாலும் தனித்தனி வரியில். எந்த மொழியில் பேட்டி நடந்தது, மொழிபெயர்ப்பவர் குடும்பத்துக்கு உறவா இல்லையா, எந்த உருப்படிக்குப் பதில் உறுதியாகக் கிடைக்கவில்லை என்பதையும் மேலேயே எழுதிவிடுங்கள். உறுதியில்லாத இடத்தில் ஊகித்து மதிப்பெண் போடுவதைவிட "மறுபடி கேட்க வேண்டும்" என்று எழுதுவது மேல்.

ஒரு எல்லையையும் மறக்க வேண்டாம். பெற்றோர் பேட்டியை மொழிபெயர்ப்பவரை வைத்து நடத்தலாம். சொல்லால் கேட்டுச் சொல்லால் பதில் வாங்கும் அறிவுத்திறன் சோதனையை அந்த இடத்திலேயே வாய்மொழியாக மொழிபெயர்த்து நடத்திவிட்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு உரிய அட்டவணையைப் பார்த்து ஐ.க்யூ. எண் போடக்கூடாது. கேள்வியின் கடினமே மாறிப்போயிருக்கும். மொழி தேவைப்படாத பலகைப் பொருத்தம், கட்டை அடுக்குதல் போன்றவற்றைச் செய்துவிட்டு, சொல் பகுதிக்கு எண் போடாமல் வருணனையாக எழுதுங்கள்.

நேரில் ஆள் கிடைக்காத நாளில் போன் வழியாகச் செய்யலாம், வீடியோ கால் இன்னும் நல்லது. ஸ்பீக்கரை அம்மா பக்கத்தில் வையுங்கள், குழந்தையை வேறொருவர் அடுத்த அறையில் பார்த்துக்கொள்ளட்டும், கேள்விகள் இன்னும் சின்னதாக இருக்கட்டும். கை ஜாடையை மொழிபெயர்ப்பவரால் பார்க்க முடியாது என்பதால் "இப்ப அவங்க கையை இப்படிக் காட்டுறாங்க" என்று நீங்களே சொல்லுங்கள். முழு மதிப்பீட்டை இப்படி முடிக்காமல், காது, வலிப்பு, சாப்பாடு, தூக்கம் போன்ற அவசர விஷயங்களை மட்டும் கேட்டுவிட்டு மீதிக்கு நாள் குறித்துக் கொடுப்பேன்.

குடும்பம் போனபின் மொழிபெயர்ப்பவருடன் பத்து நிமிஷம் உட்காருங்கள். "எங்கே சொல்லக் கஷ்டமா இருந்துச்சு, எதையாவது விட்டுட்டமோன்னு தோணுதா" என்று கேளுங்கள். பேட்டியில் வராத ஒன்று அப்போது வருவதுண்டு. அதை "மொழிபெயர்ப்பவர் பிறகு கூறியது" என்று தனியாகக் குறித்து, அடுத்த முறை அம்மாவிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லும் நாளுக்கு முடிந்தால் அதே மொழிபெயர்ப்பவரையே வரச் சொல்லுங்கள், இந்தத் தடவை பேச்சு எதிர்த் திசையில் மென்மையாகும். நீங்கள் "ஆட்டிசம் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் காது பரிசோதனையும் உடனே தொடங்க வேண்டும்" என்று சொன்னது, "கொஞ்சம் லேட்டா பேசுவான், ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்று போய்ச் சேர வாய்ப்பு அதிகம், அழப்போகும் ஒரு பெண்ணிடம் யாருக்கும் கடினமாகச் சொல்ல மனசு வராது. "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமா என்பார்கள். "ஊர்ல இருந்து மாமியார் போன் பண்ணி, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பெரா பரிசோதனை, பயிற்சி, அடுத்து வரவேண்டிய தேதி மூன்றும் அதில் இல்லாவிட்டால், இன்னும் சின்ன வாக்கியங்களில் முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள்.